போனில் பளிச்சென்று இருக்கும் லோகோ போர்டில் மங்குவது ஏன்? எந்த வேலைக்கு எந்த ஃபைல் கொடுக்க வேண்டும்?

கடைத் திறப்பு விழாவுக்கு இன்னும் இரண்டே நாள். பெயர்ப் பலகை அடிக்க ஃப்ளெக்ஸ் கடைக்குப் போகிறார் பேக்கரி உரிமையாளர். போனில் இருக்கும் லோகோவை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார். அதைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த கடைக்காரர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: "அண்ணே, இது உடையுது. கோரல் ஃபைல் இருக்கா? இல்லைன்னா வெக்டர் பிடிஎஃப் வாங்கிட்டு வாங்க."

உரிமையாளருக்குக் குழப்பம். போனில் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் படம் போர்டில் மட்டும் எப்படி உடையும்? டிசைன் செய்தவரிடம் கேட்டால், "அதான் அனுப்பிட்டேனே சார்" என்கிறார். அவர் அனுப்பியது லோகோவின் படம். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கேட்பது லோகோவின் மூல வரைபடம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போனால் போர்டைத் திரும்ப அடிக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே லோகோவை வரைய இரண்டாவது முறை பணம் கொடுக்க வேண்டும்.

ராஸ்டர், வெக்டர் என்றால் என்ன? எந்த வேலைக்கு எந்த ஃபைல் சரி? கையில் இருப்பது எந்த வகை என்று போனிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்ப்போம்.

ராஸ்டர் என்றால் என்ன?

போனில் எடுக்கும் எந்தப் புகைப்படத்தையும் விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். அவைதான் பிக்சல்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கலர் அடித்து உருவம் கொண்டுவருவது போன்றது இது. இப்படிக் கட்டம் கட்டமாகச் சேமிக்கும் முறைக்குப் பெயர் ராஸ்டர்.

ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி எல்லாமே ராஸ்டர் வகைதான். ஃபைல் பெயரின் கடைசியில் .jpg, .png, .webp என்று இருக்கும். இந்த ஃபைலுக்குத் தெரிந்தது கட்டங்களின் கலர் மட்டும்தான். அதில் இருப்பது வட்டமா, 'அ' என்ற எழுத்தா என்பது அதற்குத் தெரியாது. 640 கட்டம் அகலத்தில் சேமித்திருந்தால் கடைசிவரை 640 கட்டம்தான். பெரிதாக்கும்போது கட்டங்களின் எண்ணிக்கை கூடாது, ஒவ்வொரு கட்டமும்தான் பெரிதாகும்.

வெக்டர் எப்படி வேலை செய்கிறது?

வார இதழ்களில் மார்கழிக் கோலம் வரும்போது, படத்துக்குக் கீழே "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை வைத்து நோட்டுப் புத்தகத்தில் உள்ளங்கை அளவிலும் போடலாம், வாசல் முழுக்கவும் போடலாம். இரண்டு இடத்திலும் கோடு கோடாகவே இருக்கும். அதே இதழில் அச்சான கோலப் படத்தை வெட்டி வாசல் அளவுக்குப் பெரிதாக்கினால் மங்கிப்போகும்.

வெக்டர் ஃபைல் அந்தக் குறிப்பு மாதிரி. "இந்த இடத்தை மையமாக வைத்து இவ்வளவு ஆரத்தில் வட்டம் போடு, உள்ளே சிவப்பு நிரப்பு" என்ற கட்டளைகள்தான் அதில் இருக்கும். எஸ்விஜி என்ற வெக்டர் ஃபைலை நோட்பேடில் திறந்தால் இதை நேரடியாகவே பார்க்கலாம்:

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg"
     viewBox="0 0 100 100">
  <circle cx="50" cy="50" r="40" fill="#c0392b"/>
</svg>
```

100-க்கு 100 என்ற பரப்பில், நட்ட நடுவில், 40 ஆரத்தில் ஒரு சிவப்பு வட்டம் என்பதுதான் இதன் பொருள். சென்டிமீட்டர் என்றோ அடி என்றோ இதில் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த அளவில் காட்டச் சொல்கிறோமோ, அந்த அளவுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் அந்த நொடியில் வட்டத்தைப் புதிதாக வரையும்.

வளைவுகளுக்கும் இதே கதைதான். 1960-களில் பிரான்ஸின் ரெனோ கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியேர் பெசியே, காரின் வளைவான உடற்பகுதிகளை வடிவமைக்கப் பயன்படுத்திய கணித முறைதான் இன்று லோகோ வளைவுகளையும் எழுத்துகளையும் வரைகிறது. தொடக்கம், முடிவு, நடுவில் கோட்டை எந்தப் பக்கம் இழுப்பது என்ற சில புள்ளிகள் மட்டும் போதும். முழு வளைவும் வந்துவிடும்.

எஸ்விஜி, அடோபி இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ, கோரல்டிராவின் சிடிஆர், பழைய இபிஎஸ் ஆகியவை வெக்டர் வகை. ஃபைல் பெயர் .svg, .ai, .cdr, .eps என்று முடியும். பிடிஎஃப் மட்டும் இரண்டு வகையாகவும் இருக்கும். அந்தக் குழப்பத்தைப் பிறகு பார்ப்போம்.

போர்டில் உடைவது ஏன்? ஒரு சின்னக் கணக்கு

பேக்கரிக்காரரின் போர்டு 10 அடிக்கு 4 அடி. அதில் லோகோ 3 அடி அகலத்தில் வர வேண்டும். அவரிடம் இருப்பதோ வாட்ஸ்அப் டிபியில் இருந்து எடுத்த 640 பிக்சல் படம் என்று வைத்துக்கொள்வோம்.

போனின் திரை அகலம் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர். அதற்குள் 640 கட்டங்கள் அடங்கும்போது ஒரு கட்டம் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. அதனால்தான் போனில் பளிச்சென்று இருக்கிறது.

அதே 640 கட்டங்களை 3 அடிக்கு, அதாவது 914 மில்லிமீட்டருக்கு இழுத்தால் ஒரு கட்டம் 1.4 மில்லிமீட்டருக்கு மேல் வரும். நல்ல பார்வை உள்ள ஒருவரால் 10 அடி தூரத்தில் இருந்து ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான விவரத்தையே பிரித்துப் பார்க்க முடியும். அதனால் கடை வாசலில் நிற்கும் வாடிக்கையாளருக்கு எழுத்தின் ஓரம் படிக்கட்டு போலவோ, பனி படர்ந்தது போலவோ தெரியும். எதிர்ச்சாரியில் 20 அடி தள்ளி நின்றால் தெரியாது. "தூரத்துல இருந்து பார்த்தா நல்லாத்தான் இருக்கு" என்று சமாதானம் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் எவ்வளவு பிக்சல் வேண்டும்? சூத்திரம் சுலபம். அச்சில் வரும் அகலத்தை அங்குலத்தில் எடுத்துக்கொண்டு, ஒரு அங்குலத்துக்குத் தேவையான பிக்சலால் பெருக்க வேண்டும். கடை வாசல் ஃப்ளெக்ஸ் போர்டுக்கு அங்குலத்துக்கு 72 முதல் 100 வரை பொதுவாகப் போதும். 3 அடி என்பது 36 அங்குலம். 36-ஐ 72-ஆல் பெருக்கினால் 2,592. ஆக, குறைந்தது 2,600 பிக்சல் அகலம் வேண்டும். கையில் இருப்பது 640, அதாவது நாலில் ஒரு பங்கு.

விசிட்டிங் கார்டுக்குக் கணக்கு வேறு. கையில் பிடித்துப் பார்ப்பது என்பதால் அங்குலத்துக்கு 300 வேண்டும். ஆனால் கார்டில் லோகோவின் அகலமே ஒரு அங்குலம்தான். 300 பிக்சல் போதும் என்பதால், எண்ணிக்கைப்படி பார்த்தால் போர்டில் உடையும் அதே 640 பிக்சல் படம் கார்டுக்குத் தாங்கும்.

அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. 300 என்பது புகைப்படத்துக்கான கணக்கு. புகைப்படத்தில் ஓரங்கள் மென்மையாக இருந்தால் உறுத்தாது. லோகோவில் இருப்பதோ கூர்மையான கோடும் எழுத்தும். ஆஃப்செட் அச்சுக்குப் பிளேட் எடுக்கும் கருவி அங்குலத்துக்கு 2,400 புள்ளி அளவில் வேலை செய்யும். வெக்டர் கொடுத்தால் அந்தக் கூர்மை முழுவதும் எழுத்துக்குக் கிடைக்கும். 300-ல் எடுத்த ஜேபெக் கொடுத்தால், பக்கத்திலேயே அச்சாகும் போன் நம்பர் கூர்மையாகவும் லோகோ லேசாக மங்கியும் இருக்கும். இரண்டும் ஒரே கார்டில் இருப்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

"போட்டோஷாப்பில் 300 ஆக்கிட்டேன்" சரியா?

பலர் செய்யும் தவறு இது. 72 என்று இருக்கும் எண்ணை 300 என்று மாற்றி, அதே அங்குல அளவில் சேமித்தால் ஃபைல் பெரிதாகும். ஆனால் புதிதாகச் சேரும் கட்டங்களின் கலரை, பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து மென்பொருள் ஊகித்துத்தான் நிரப்புகிறது. ஓரத்தில் இருந்த படிக்கட்டு மறைந்து, அந்த இடத்தில் மங்கல் வரும். பாலில் தண்ணீர் ஊற்றினால் அளவு கூடும், பால் கூடாது. அதே கதைதான்.

வாட்ஸ்அப் என்ன செய்கிறது?

டிசைனர் 3,000 பிக்சலில் அருமையான பிஎன்ஜி ஃபைலே அனுப்பியிருந்தாலும், அதை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் மூன்று இழப்புகள் நடக்கும்.

முதலில் அளவு குறையும். சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கத்தைப் பொதுவாக 1,600 பிக்சல் அளவுக்கு வாட்ஸ்அப் சுருக்கிவிடுகிறது. ஹெச்டி என்று தேர்வு செய்தால் இதைவிடப் பெரிதாகப் போகும். ஆனாலும் சுருக்கம் இருக்கும்.

இரண்டாவது, படம் ஜேபெக்காக மாறும். ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கொண்ட சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கிப் போட்டுவிடும். முகம், வானம், பிரியாணி போட்டோ எல்லாவற்றுக்கும் இது பிரமாதமான முறை. ஆனால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்றால், எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல அழுக்குப் புள்ளிகள் வரும். ஒவ்வொரு முறை திரும்பச் சேமிக்கும்போதும் இழப்பு கூடிக்கொண்டே போகலாம். நாலு பேர் கை மாறி வந்த லோகோ அழுது வடிவது இதனால்தான்.

மூன்றாவது, பின்னணி. பிஎன்ஜியில் லோகோவைச் சுற்றியுள்ள இடத்தை வெறுமையாக, அதாவது டிரான்ஸ்பரன்ட்டாக வைக்கலாம். ஜேபெக்கில் அந்த வசதியே கிடையாது. காலி இடம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிரம்பிவிடும். மஞ்சள் போர்டில் வெள்ளைப் பெட்டிக்குள் லோகோ உட்கார்ந்திருக்கும் காட்சியை ஊர் முழுக்கப் பார்க்கலாம்.

தீர்வு ரொம்பச் சிம்பிள். வாட்ஸ்அப்பில் கேலரி வழியாக அனுப்பாமல், இணைப்பு அடையாளத்தைத் தொட்டு 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். ஃபைல் அப்படியே போய்ச் சேரும். மெயில் அல்லது கூகுள் டிரைவ் லிங்க்கும் சரிதான்.

பிடிஎஃப் என்று வந்தாலே வெக்டரா?

இல்லை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிடிஎஃப், ஏஐ, எஸ்விஜி எல்லாமே ஒரு பை மாதிரி. உள்ளே கோடுகளையும் வைக்கலாம், ஒரு ஜேபெக் படத்தையும் அப்படியே போட்டு மூடலாம். வெளியே பெயர் மட்டும் வெக்டர் என்று இருக்கும். "வெக்டர் கொடுங்க" என்று கேட்டதும், சிலர் பழைய ஜேபெக்கை ஒரு பிடிஎஃப்பில் ஒட்டி அனுப்பிவிடுவது உண்டு.

போனிலேயே சோதிக்கலாம். பிடிஎஃப்பைத் திறந்து, ஒரு எழுத்தின் வளைவான ஓரத்தை முடிந்தவரை பெரிதாக்க வேண்டும். விரலை எடுத்த பிறகு ஒரு நொடி பொறுத்துப் பார்க்க வேண்டும். முதலில் மங்கலாக இருந்து, பிறகு கத்தி மாதிரி கூர்மையானால் அது வெக்டர். எவ்வளவு நேரம் ஆனாலும் மங்கலாகவோ சதுரம் சதுரமாகவோ இருந்தால் உள்ளே இருப்பது ராஸ்டர்.

எஸ்விஜி என்றால் இன்னும் எளிது. நோட்பேடில் திறந்து பார்த்தால் `<path` அல்லது `<circle` போன்ற வரிகள் தெரிய வேண்டும். அதற்குப் பதில் `<image` என்று ஆரம்பித்து, `data:image/png;base64` என்ற சொல்லுக்குப் பின் பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத எழுத்துகள் ஓடினால், உள்ளே ஒளிந்திருப்பது படம்தான்.

இல்லஸ்ட்ரேட்டர் உள்ள கம்ப்யூட்டர் என்றால் Ctrl+Y அழுத்தினால் போதும். கலர் எல்லாம் மறைந்து வெறும் கோடுகள் மட்டும் தெரியும். லோகோவின் ஓரங்கள் கோடாகத் தெரிந்தால் வெக்டர். ஒரு வெற்றுப் பெட்டி மட்டும் தெரிந்தால் அது ஒட்டிய படம்.

தமிழ்ப் பெயர் உள்ள லோகோவா? இதை மறக்காதீங்க

ஃபைல் உண்மையான வெக்டராகவே இருந்தாலும், தமிழ் எழுத்து உள்ள லோகோவில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. அது எழுத்துரு.

பெயரை டைப் செய்த நிலையிலேயே ஃபைலை அனுப்பினால், அதே ஃபான்ட் அச்சுக்கடை கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறொரு ஃபான்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் எழுத்தின் தோற்றம் மட்டும்தான் மாறும். தமிழில் பெயரே காணாமல் போகலாம். பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைக்கப்பட்டிருக்கும். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் 'அம்மா' என்பது `mk;kh` என்று தெரியும்.

யூனிகோட் ஃபான்ட் பயன்படுத்தினாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு வசதி இல்லாத பழைய மென்பொருளில் திறந்தால், ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'கொ', 'கே' போன்றவை பிரிந்து சிதறும். தமிழ் தெரிந்த ஒருவர் கவனித்தால் தப்பிக்கலாம். அவசரத்தில் அச்சாகிவிட்டால் கடை வாசலில் எல்லாரும் பார்க்கும்படி தொங்கும்.

இதற்கு வழி, எழுத்தைக் கோடாக மாற்றிவிடுவது. அதன்பிறகு அது எழுத்து இல்லை, வட்டம், சதுரம் மாதிரி வெறும் உருவம். எந்தக் கம்ப்யூட்டரிலும் மாறாது. இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து Ctrl+Shift+O அழுத்த வேண்டும். கோரல்டிராவில் Ctrl+Q. இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் Ctrl+Shift+C. மாற்றிய பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது என்பதால், டைப் செய்த நிலையில் ஒரு நகலும் கோடாக மாற்றிய நகலும் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வேலைக்கு எந்த ஃபைல்?

இப்போது அந்தப் பேக்கரியின் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

ஃப்ளெக்ஸ் போர்டு, விசிட்டிங் கார்டு, கேக் பெட்டி: எழுத்தைக் கோடாக மாற்றிய வெக்டர் பிடிஎஃப் முதல் தேர்வு. கடைக்காரர் சிடிஆர் கேட்டால், அவர் வைத்திருக்கும் கோரல்டிரா எந்த வெர்ஷன் என்று கேட்டு அந்த வெர்ஷனில் சேமித்துக் கொடுக்க வேண்டும். புதிய வெர்ஷன் ஃபைல் பழைய வெர்ஷனில் திறக்காது. அச்சுக்குப் போகும் ஃபைல் சிஎம்ஒய்கே கலரில் இருப்பதும் முக்கியம். திரையில் ஒளியால் காட்டும் பளீர் பச்சையையும் நீலத்தையும் மையால் அப்படியே கொண்டுவர முடியாது. மாற்றிப் பார்த்து, மங்கிய பிறகும் பிடிக்கிறதா என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் நல்லது.

அக்ரிலிக் எழுத்து, கண்ணாடியில் ஒட்டும் வினைல் ஸ்டிக்கர்: இங்கே வெக்டர் தவிர வேறு வழியே இல்லை. லேசரும் கட்டிங் பிளாட்டரும் அச்சடிப்பதில்லை, வெட்டுகின்றன. கத்தி எந்தக் கோட்டில் போக வேண்டும் என்ற பாதை வேண்டும். ராஸ்டர் படத்தில் பாதை என்ற ஒன்றே கிடையாது. எத்தனை ஆயிரம் பிக்சல் இருந்தாலும் பயன் இல்லை.

ஊழியர்களின் டி-ஷர்ட்: ஸ்கிரீன் பிரின்ட் என்றால் ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன் எடுக்க வேண்டும். வெக்டரில் கலர்கள் தனித்தனி உருவமாக இருப்பதால் பிரிப்பது எளிது. எம்பிராய்டரி என்றால் வெக்டர் மட்டும் போதாது. ஊசி எந்தத் திசையில், எவ்வளவு நெருக்கமாகத் தைக்க வேண்டும் என்று தனியாக எழுதி, .dst போன்ற தையல் ஃபைலாக மாற்ற வேண்டும். இதை டிஜிட்டைசிங் என்பார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோடுகள் நூலில் சரியாக வராது. லோகோவை அதற்கேற்ப எளிமையாக்க வேண்டியிருக்கும்.

வெப்சைட்: மேல்பக்கத்தில் வரும் லோகோவுக்கு எஸ்விஜி பொருத்தம். எளிய லோகோ என்றால் சில கேபி அளவுதான் இருக்கும். போன், லேப்டாப், டிவி எதில் பார்த்தாலும் கூர்மை குறையாது.

வாட்ஸ்அப் டிபி, இன்ஸ்டாகிராம், யூடியூப்: இங்கே பிஎன்ஜிதான் சரி. சமூக வலைதளங்களில் சுயவிவரப் படமாக எஸ்விஜி ஏற்ற முடியாது. 1,000 பிக்சல் சதுரத்தில், லோகோவைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு, பின்னணி கலரையும் நிரப்பியே ஏற்றலாம். டிபி வட்டமாக வெட்டப்படும் என்பதால் ஓரத்தில் எழுத்து இருக்கக் கூடாது.

பில், வேர்டு லெட்டர்ஹெட், வீடியோவில் மூலையில் வரும் லோகோ: பின்னணி வெறுமையான பிஎன்ஜி போதும்.

டிரேட்மார்க் விண்ணப்பம்: இந்தியாவில் ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது லோகோவை ஜேபெக்காகவே ஏற்ற வேண்டும். ஜேபெக் என்றாலே மட்டம் என்று ஒதுக்கவும் முடியாது.

அப்போ ராஸ்டர் வேண்டவே வேண்டாமா?

அப்படி இல்லை. கடைசியில் எல்லாமே புள்ளிதான். ஃப்ளெக்ஸ் மெஷினும் மைப் புள்ளிகளைத்தான் தெளிக்கிறது, போன் திரையும் பிக்சல்களால் ஆனதுதான். எப்போது புள்ளியாக மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. வெக்டர் கொடுத்தால், அந்த மெஷினுக்கு ஏற்ற எண்ணிக்கையில் கடைசி நொடியில் மாறும். ராஸ்டர் கொடுத்தால், யாரோ எப்போதோ முடிவு செய்த எண்ணிக்கை அப்படியே வரும்.

வெக்டரில் இருந்து எத்தனை ராஸ்டர் வேண்டுமானாலும், எந்த அளவிலும், ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். ராஸ்டரில் இருந்து வெக்டருக்குத் திரும்பிப் போவதுதான் கஷ்டம்.

லோகோவில் உண்மையான புகைப்படம் இருந்தால், உதாரணமாகத் தாத்தாவின் போட்டோவை வைத்த மிட்டாய்க் கடை லோகோ என்றால், அந்தப் பகுதி ராஸ்டராகத்தான் இருக்க முடியும். எழுத்தும் கோடும் வெக்டராக, போட்டோ மட்டும் பெரிய அளவு படமாக ஒரே பிடிஎஃப்பில் வைப்பதுதான் அங்கே வழி.

வெக்டர் ஃபைல் இல்லவே இல்லை. என்ன செய்வது?

டிசைனரின் நம்பர் மாறிவிட்டது, பழைய கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது என்றால் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, தானாகக் கோடாக மாற்றும் வசதி. இல்லஸ்ட்ரேட்டரில் 'இமேஜ் ட்ரேஸ்', கோரல்டிராவில் 'பவர்ட்ரேஸ்', இங்க்ஸ்கேப்பில் 'ட்ரேஸ் பிட்மேப்' என்று இருக்கும். ஒரே கலரில், பெரிய, சுத்தமான படம் என்றால் நன்றாகவே வரும். வாட்ஸ்அப் ஜேபெக்கைக் கொடுத்தால், எழுத்தைச் சுற்றியிருந்த அழுக்கையும் அது கோடாக்கிவிடும். கூர்மையான மூலைகள் மழுங்கும், நேர்கோடு அலை அடிக்கும். சுழியும் வளைவும் நிறைந்த தமிழ் எழுத்துகளில் இது உடனே தெரியும்.

இரண்டாவது வழி, பழைய படத்தை அடியில் வைத்து மேலே கையால் திரும்ப வரைவது. ஃபான்ட் எது என்று தெரிந்தால் பெயரை அதிலேயே டைப் செய்து கோடாக மாற்றலாம். எளிய லோகோ என்றால் அனுபவமுள்ள ஒருவருக்கு அரை நாள் வேலைகூட இல்லை. 10 அடி போர்டுக்கு இந்த வழிதான் நம்பகமானது.

அடுத்த முறை லோகோ செய்யக் கொடுக்கும்போது, கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன்பே இவற்றைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்:

- திருத்தக்கூடிய மூல ஃபைல், அதாவது .ai அல்லது .cdr
- எழுத்தைக் கோடாக மாற்றிய வெக்டர் பிடிஎஃப், சிஎம்ஒய்கே கலரில்
- வெப்சைட்டுக்கு எஸ்விஜி
- பின்னணி வெறுமையான பிஎன்ஜி, குறைந்தது 3,000 பிக்சல் அகலத்தில்
- ஒரே கலரில் ஒரு கறுப்பு லோகோ, ஒரு வெள்ளை லோகோ
- பயன்படுத்திய ஃபான்ட் பெயரும் கலர் எண்களும்

ஆறு ஃபைலும் ஒரு குறிப்பும்தான். வாங்கியதும் பிடிஎஃப்பைப் போனில் திறந்து, ஒரு எழுத்தின் ஓரத்தை முழுசாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட வேண்டும். கூர்மையாக இருந்தால், மெயிலிலும் டிரைவிலும் ஒவ்வொரு நகல் போட்டு வைத்துக்கொள்ளலாம். ஃப்ளெக்ஸ் கடையில் "கோரல் ஃபைல் இருக்கா அண்ணே?" என்று கேட்டால், போனை எடுத்து டாக்குமென்ட்டாக அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.